ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, முடிவு இன்னும் எடுக்கவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் ஆளெடுப்பு வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், அல்சூரிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் தங்கியிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளில் யாருக்கு ஆஃபர் லெட்டர் வந்தாலும் எனக்கு ஒரு அழைப்பு வந்துவிடும். சம்பளத்தைப் பற்றியோ வேலையைப் பற்றியோ கேட்பவர்கள் குறைவு. "கிடைத்தது, இன்ன தேதிக்குள் சொல்கிறேன்" என்று எழுத வேண்டிய அந்தச் சின்ன மெயிலைப் பற்றியே பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே வைத்திருக்கிறேன்.

ஆஃபர் லெட்டர் வந்திருக்கு சார். யோசிச்சு முடிச்சப்புறம் ஒரே மெயிலா பதில் போட்டா போதாதா?

போதாது. கடிதம் உங்களுக்குப் போய்விட்டதா, ஸ்பாமில் விழுந்துவிட்டதா, படித்துவிட்டு மனம் மாறிவிட்டீர்களா என்பது எதுவும் அனுப்பியவருக்குத் தெரியாது. அந்தப் பணியிடத்துக்கு இரண்டாவதாகத் தேர்வானவர் ஒருவர் பெரும்பாலும் இருப்பார்; அவரிடம் "வேண்டாம்" என்று சொல்லாமல் நிறுத்தி வைத்திருப்பார்கள். நீங்கள் மூன்று நாள் மௌனமாக இருந்தால், அந்த இரண்டாமவரை எப்போது அழைக்கலாம் என்ற யோசனை மூன்றாம் நாள் காலையிலேயே தொடங்கிவிடும். நானே அப்படி அழைத்திருக்கிறேன். முதலாமவர் நான்காம் நாள் "சேர்கிறேன்" என்று எழுதியபோது இடம் போயிருந்தது.

கடிதம் பகலில் வந்தால் அன்று மாலைக்குள்ளும், மாலையில் வந்தால் மறுநாள் காலை பதினொரு மணிக்குள்ளும் ரசீது மெயில் போய்விட வேண்டும். இதற்கு நீங்கள் கடிதத்தை முழுவதும் படித்திருக்க வேண்டியதில்லை. இணைப்புகள் எல்லாம் திறக்கின்றனவா, பெயரும் பதவியும் சரியாக இருக்கின்றனவா, பதில் சொல்லக் கடைசி நாள் எது என்ற மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

அந்த மெயில்ல என்னதான் எழுதணும்? நாலு வரிக்கு மேல எனக்கு வரமாட்டேங்குது.

நான்கு வரியே போதும். வந்த மெயிலுக்கே பதிலாக, அதில் சேர்க்கப்பட்டிருந்த எல்லோருக்கும் போகும்படி எழுதுங்கள். உங்களைத் தேர்ந்தெடுத்த மேலாளரின் பெயரும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள் என்றாலும், பொருள் இப்படி இருக்க வேண்டும்:

"வணக்கம். ஜூன் 9, செவ்வாய்க்கிழமை மாலை 4.40 மணிக்கு நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டரும் சம்பள விவரத் தாளும் கிடைத்தன, நன்றி. ஜூன் 12, வெள்ளிக்கிழமை வரை பதில் சொல்லலாம் என்று கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். விவரங்களைப் படித்துப் பார்த்து, என் முடிவை ஜூன் 12, வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் இதே மெயிலுக்குப் பதிலாக எழுதுகிறேன். இடையில் ஏதேனும் தேவைப்பட்டால் இந்த எண்ணில் அழைக்கலாம்."

இதில் இரண்டாவது வாக்கியத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கடைசி நாளை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று எழுதிவிட்டால், தப்பாகப் புரிந்திருந்தாலும் அவர்கள் அன்றே திருத்துவார்கள். "மூன்று வேலை நாள்" என்று இருக்கும் கடிதத்தை ஒருவர் ஞாயிறையும் சேர்த்து எண்ணுவார், இன்னொருவர் கடிதம் வந்த நாளையே முதல் நாளாக எண்ணுவார். தேதியாக எழுதிவிட்டால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

"தேங்க்யூ, ஹேப்பி டு ஜாயின்"னு போட்டுட்டு அப்புறமா யோசிச்சா என்ன தப்பு?

அது ரசீது இல்லை, சம்மதம். "சேர்வதில் மகிழ்ச்சி", "உங்களோடு வேலை செய்ய ஆவலாக இருக்கிறேன்", "மேற்கொண்டு ஆக வேண்டியதைச் சொல்லுங்கள்" என்ற மூன்றும் மரியாதைக்காக எழுதப்படுபவை என்று எழுதுபவர் நினைக்கிறார். படிப்பவரோ உங்களை "ஏற்றுக்கொண்டார்" என்ற பட்டியலில் சேர்த்துவிட்டு, பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்தை அனுப்புகிறார், இரண்டாமவருக்கு மறுப்பு மெயிலும் அனுப்பிவிடுகிறார். அதன்பிறகு நீங்கள் "முடிவு வெள்ளிக்கிழமை சொல்கிறேன்" என்றால், கொடுத்த வார்த்தையிலிருந்து பின்வாங்குபவராகத்தான் தெரிவீர்கள்.

சட்டத்திலும் இவை இரண்டும் வேறு வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, ஒரு முன்மொழிவை ஏற்பது முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். "கிடைத்தது, படிக்கிறேன்" என்பது அந்தப் பக்கமே போகவில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் மின்னணுப் பதிவு கிடைத்ததை ஒப்புக்கொள்வதை 12ஆம் பிரிவில் தனியாக வைத்துப் பேசுகிறது. அதே சட்டத்தின் 10ஏ பிரிவு, ஒப்பந்தம் மின்னணு வடிவில் உருவானது என்பதற்காக மட்டும் அது செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது. ஆகவே "மெயில்தானே, கையெழுத்து போடவில்லையே" என்ற சமாதானத்தை நம்பிச் சம்மதம்போல் ஒலிக்கும் வாக்கியத்தை அனுப்பிவிடாதீர்கள். நன்றி சொல்லுங்கள், மகிழ்ச்சியைத் தேர்வானதோடு நிறுத்துங்கள். "என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி" என்பதில் ஆபத்து எதுவும் இல்லை.

எத்தனை நாள் கேக்கலாம்? ஒரு வாரம்னு பொதுவா சொல்லிடலாமா?

பொதுவாக ஒரு எண்ணைச் சொல்வதுதான் இந்த மெயிலில் நடக்கும் பெரிய பிழை. எத்தனை நாள் என்பதை, நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்களோ அந்த வேலை எப்போது முடியும் என்பதிலிருந்தும், இப்போதைய நிறுவனத்தின் நோட்டீஸ் பீரியடிலிருந்தும் கணக்கிட வேண்டும். என்னிடம் கணக்கோடு வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். விருதுநகர்ப் பக்கத்துப் பெண். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, 90 நாள் நோட்டீஸ். பெல்லந்தூரில் இருந்த ஒரு நிறுவனத்திலிருந்து ஜூன் 9, செவ்வாய் மாலை ஆஃபர் வந்தது. பதில் சொல்ல ஜூன் 12, வெள்ளி வரை அவகாசம். சேரும் தேதி செப்டம்பர் 14, திங்கள். இன்னொரு நிறுவனத்தில் அவருக்குக் கடைசிச் சுற்று ஜூன் 11, வியாழன் அன்று இருந்தது. முடிவை இரண்டு வேலை நாளில், அதாவது 15, திங்களன்று சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் அவர் கேட்க நினைத்தது ஒரு வாரம், அதாவது 19ஆம் தேதி வெள்ளி. நாங்கள் காலண்டரை எடுத்துவைத்து எண்ணினோம். 16ஆம் தேதி செவ்வாயன்று ராஜினாமா கொடுத்து, அந்த நாளையே முதல் நாளாக எண்ணினால், ஜூனில் 15 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 31, ஆக 77, மீதி 13. தொண்ணூறாவது நாள் செப்டம்பர் 13, ஞாயிறு. மறுநாள் திங்கள், சேரும் தேதி. 19ஆம் தேதி கொடுத்தால் தொண்ணூறாவது நாள் செப்டம்பர் 16க்குப் போய்விடும், சேரும் தேதியும் தள்ளிப்போகும். ஆகவே 19 கேட்பது ஒரு கோரிக்கை அல்ல, இரண்டு கோரிக்கைகள். முடிவைத் தள்ளிவைப்பதோடு சேரும் நாளையும் தள்ளிவைக்கச் சொல்கிறோம். 16 கேட்டால் பதில் சொல்லும் நாளைத் தவிர அவர்கள் வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. (சில நிறுவனங்கள் ராஜினாமா கொடுத்த மறுநாளிலிருந்து எண்ணும், அவருடையது கொடுத்த நாளிலிருந்தே எண்ணும் என்பதைப் பணி விதிகளில் பார்த்துக்கொண்டார்.)

இன்னொரு பக்கம், திங்களன்று வருவதாகச் சொன்ன முடிவு திங்கள் இரவு எட்டு மணிக்கும் வரலாம். அதன்பிறகு வீட்டாரோடு பேச ஓர் இரவு வேண்டும். ஆகவே செவ்வாய் மதியம் 12 மணி என்று முடிவாயிற்று. அவர் அனுப்பிய மெயிலில் முன்பு நான் காட்டிய மூன்றாவது வாக்கியத்துக்குப் பதிலாக இது இருந்தது: "என் முடிவை ஜூன் 16, செவ்வாய்க்கிழமை மதியம் 12 மணிக்குள் தெரிவிக்க அனுமதி கேட்கிறேன். சேரும் தேதியான செப்டம்பர் 14இல் இதனால் மாற்றம் எதுவும் வராது. இந்த நீட்டிப்பு சரிதான் என்று இந்த மெயிலுக்குப் பதிலாக ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும்."

மறுநாள் பதில் வந்தது: திங்கள் மாலை 6 மணி வரை தருகிறோம், அதற்கு மேல் முடியாது. அவர் உடனே ஏற்றுக்கொண்டு, "ஜூன் 15, திங்கள் மாலை 6 மணிக்குள் தெரிவிக்கிறேன்" என்று புதுத் தேதியை எழுத்தில் போட்டார். பிறகு அந்த இன்னொரு நிறுவனத்துக்கு எழுதி, திங்கள் மதியத்துக்குள் முடிவு சொல்ல முடியுமா என்று கேட்டார். இரண்டரை மணிக்கு அங்கிருந்து "இல்லை" என்று பதில் வந்தது. ஐந்தேகாலுக்கு பெல்லந்தூர் நிறுவனத்துக்குச் சம்மதம் போயிற்று.

தேதி போட்டா போதாதா? மணி எல்லாம் எதுக்கு, ஓவரா இருக்காதா?

"வெள்ளிக்கிழமைக்குள்" என்பதை நீங்கள் வெள்ளி இரவு பன்னிரண்டு என்று எடுத்துக்கொள்வீர்கள். ஆளெடுப்பவருக்கு அது வெள்ளி மாலை அவர் கிளம்புவதற்கு முன். அவருக்கு மேலே இருப்பவர் வெள்ளி மாலை ஐந்து மணிக் கூட்டத்தில் "அந்த இடம் என்னாயிற்று" என்று கேட்பார்; அப்போது அவர் கையில் பதில் இருக்க வேண்டும். ஆகவே மாலை 4 அல்லது 5 என்று எழுதுவது நல்லது. "12 மணி" என்று மட்டும் எழுதினால் மதியமா நள்ளிரவா என்ற சந்தேகம் வரும். "மதியம்" என்பதைச் சேர்த்துவிடுங்கள். "அடுத்த வெள்ளி" என்ற சொல்லையும் தவிர்க்கலாம்; புதன்கிழமை எழுதும்போது அது நாளை மறுநாளா, ஒன்பது நாள் கழித்தா என்று இருவர் இருவிதமாகப் புரிந்துகொள்வார்கள்.

ஆளெடுப்பவர் அமெரிக்காவில் இருந்தால் மணியோடு "இந்திய நேரம்" என்றும் எழுத வேண்டும். கோடைக்காலத்தில் கலிஃபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. அவர்கள் சொல்லும் "வெள்ளி மாலை 6" ஜூன் மாதத்தில் நமக்குச் சனி காலை 6.30. இதை உங்களுக்குக் கிடைத்த கூடுதல் அவகாசமாக எண்ணி இழுத்தடிக்க வேண்டாம். உங்கள் வெள்ளி மாலைக்குள் அனுப்பிவிட்டால், அவர் காலையில் கண் விழிக்கும்போது பதில் காத்திருக்கும்.

மெயில் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்திருக்கு, நான் திங்கட்கிழமைதான் பார்த்தேன். மூணு நாளை எப்ப இருந்து எண்ணுறது?

சண்டை போடுவதற்கு இடம் உண்டு, பயன் இல்லை. நிறுவனத்தின் கணினி அனுப்பிய நேரத்திலிருந்தே எண்ணும். விண்ணப்பத்தில் நீங்கள் கொடுத்த முகவரிக்கு வந்துவிட்டது என்றால் வந்துவிட்டதுதான் என்று அவர்கள் சொல்வார்கள். திங்கள் காலை பார்த்த உடனே, "வெள்ளி இரவு வந்த கடிதத்தை இன்று காலை 9 மணிக்குப் பார்த்தேன், புதன் மாலை 5 மணிக்குள் முடிவு சொல்லலாமா" என்று எழுதுங்கள். ஒளிவுமறைவில்லாத காரணம் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

லெட்டர்லயே மூணு நாள்னு போட்டிருக்கு. அதுக்கு மேல டைம் கேட்டா ஆஃபரையே கேன்சல் பண்ணிடுவாங்களா?

கேட்டதற்காகக் கோபித்துக்கொண்டு திரும்பப் பெறுவது அரிது. என் அனுபவத்தில் பாதியோ முழுவதுமோ கொடுப்பார்கள், அல்லது "முடியாது, சொன்ன தேதிக்குள் சொல்லுங்கள்" என்பார்கள். அவகாசம் கேட்பது எதிர் நிபந்தனையும் ஆகாது, ஆகவே அதனால் மட்டும் ஆஃபர் செத்துவிடாது. பயம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, முன்மொழிவில் குறித்த காலம் கடந்தால் அது தானாகவே முடிந்துபோகிறது. யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. நீங்கள் அவகாசம் கேட்டு எழுதியதும், அவர்கள் பதில் சொல்லாமல் இருந்ததும் சேர்ந்து நீட்டிப்பு ஆகிவிடாது. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழமொழி கல்யாணப் பேச்சுக்குப் பொருந்தலாம், இங்கே பொருந்தாது.

ஆகவே கேட்பதைக் கடைசி நாளில் கேட்காமல், ரசீது மெயிலிலேயே கேளுங்கள். பழைய கடைசி நாளுக்கு முந்தைய நாள் மதியம் வரை பதில் வரவில்லை என்றால் தொலைபேசியில் அழையுங்கள். அப்போதும் எழுத்தில் ஒன்றும் கைக்கு வரவில்லை என்றால், பழைய தேதிதான் உங்கள் தேதி, அதற்குள் முடிவெடுங்கள். பெல்லந்தூர் ஆஃபர் வந்த பெண் "ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும்" என்று சேர்த்தது இதற்காகத்தான்.

எதுக்கு டைம் வேணும்னு காரணம் சொல்லணுமா? வேற இன்டர்வியூ இருக்குன்னு சொல்லலாமா, வீட்ல கேக்கணும்னு சொல்லலாமா?

அவர்கள் கொடுத்த அவகாசத்துக்குள் முடிவு சொல்வதானால் காரணமே வேண்டாம்; "விவரங்களைப் படித்துப் பார்க்கிறேன்" போதும். கூடுதல் நாள் கேட்டால் ஒரு வரி காரணம் மரியாதை. "குடும்பத்தாரோடு கலந்து பேச வேண்டும்" என்பதை பெங்களூருவில் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, அது உண்மையாக இருந்தால் தாராளமாக எழுதலாம். இல்லாத தாத்தாவை ஆஸ்பத்திரியில் படுக்கவைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஆளெடுப்பவர் அன்போடு அழைத்து "தாத்தாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது" என்று கேட்பார், அப்போது நீங்கள் தடுமாறுவீர்கள்.

வேறு நேர்முகம் இருப்பதைச் சொல்வது குற்றமில்லை, ஆனால் மெயிலில் வேறு நிறுவனத்தின் பெயரையும் தொகையையும் எழுதாதீர்கள். "ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு தேர்வின் முடிவு 15ஆம் தேதி தெரியவரும்" என்ற அளவு போதும். சிலர் இதைக் கேட்டதும் அவகாசத்தைக் குறைப்பார்கள். மேலே சொன்ன பெண்ணும் இதைச் சொல்லியிருந்தார்; அவருக்கு ஒரு நாள் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் மறைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சம்பளம் நான் எதிர்பார்த்ததைவிடக் கம்மி. அதையும் இதே மெயில்ல கேட்டுடலாமா?

கேட்க வேண்டாம். விளக்கம் கேட்பது வேறு, பேரம் வேறு. "ஆண்டுத் தொகையில் மாறும் ஊதியம் எவ்வளவு, அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமா, ஆண்டு முடிவில் வருமா", "சேரும்போது தரும் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும்", "நோட்டீஸ் பீரியடைப் பணம் கட்டிக் குறைத்தால் அதை நீங்கள் ஈடுசெய்வீர்களா" என்பவை விளக்கங்கள். இவற்றை ரசீது மெயிலிலேயே எண்ணிட்டுக் கேட்கலாம். அப்படிக் கேட்டால், "இவற்றுக்குப் பதில் கிடைத்தபின் இன்ன தேதிக்குள்" என்று உங்கள் தேதியை அவர்கள் பதிலோடு கட்டிவிடாதீர்கள்; அவர்கள் தாமதித்தால் உங்கள் தேதி காற்றில் மிதக்கும். தேதி தேதியாக நிற்கட்டும், "புதன் மாலைக்குள் விளக்கம் கிடைத்தால் நன்றாக இருக்கும்" என்று தனியாக எழுதுங்கள்.

"இரண்டு லட்சம் கூட்டினால் சேர்கிறேன்" என்பது பேரம். 7ஆம் பிரிவைப் பற்றி மேலே சொன்னது இங்கே மறுபக்கமாகத் திரும்புகிறது: மாற்று நிபந்தனை வைப்பது பழைய முன்மொழிவை மறுப்பதாக எடுத்துக்கொள்ளப்படலாம். 1840இல் இங்கிலாந்தில் நடந்த ஹைட் எதிர் ரெஞ்ச் என்ற நில விற்பனை வழக்கில் இதுதான் நடந்தது. ஆயிரம் பவுண்டுக்குத் தருகிறேன் என்றவரிடம் 950க்குத் தாருங்கள் என்று கேட்டவர், அவர் மறுத்தபின் "சரி, ஆயிரத்துக்கே எடுத்துக்கொள்கிறேன்" என்றார். பழைய முன்மொழிவு அதற்குள் இல்லாமல் போய்விட்டது என்று தீர்ப்பாயிற்று. ஆளெடுப்பவர்கள் இவ்வளவு கறாராக இருப்பதில்லை, ஆனாலும் முதலில் தேதியை உறுதிசெய்துகொண்டு, பேரத்தைத் தொலைபேசியில், "கூட்டித் தர வாய்ப்பு உண்டா" என்ற கேள்வியாகத் தொடங்குவது பாதுகாப்பு. கேள்வி எதையும் மறுப்பதில்லை.

போர்ட்டல்ல அக்செப்ட், டிக்ளைன்னு ரெண்டே பட்டன்தான் இருக்கு. கிடைச்சுதுன்னு எங்க சொல்றது?

எதையும் அழுத்தாதீர்கள். இணைப்பு வந்த மெயில் தானியங்கி முகவரியிலிருந்து வந்திருந்தால் அதற்கு எழுதும் பதில் யாருக்கும் போகாது. உங்களோடு இதுவரை பேசிய ஆளெடுப்பவரின் முகவரிக்குத் தனியாக எழுதுங்கள். நீட்டிப்பு கிடைத்தால் போர்ட்டலிலும் தேதியை மாற்றச் சொல்ல வேண்டும். மெயிலில் "சரி" என்று சொல்லிவிட்டு கணினியில் மாற்ற மறந்துவிடுவார்கள், வெள்ளி இரவோடு இணைப்பு மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொண்டால் பதற வேண்டாம், நீட்டிப்பு மெயிலைக் காட்டினால் புது இணைப்பு அனுப்புவார்கள்.

எச்ஆர் போன்லயே கேட்டாங்க, "செவ்வாய்க்கிழமை சொல்றேன் மேடம்"னு சொன்னேன், "ஓகே"ன்னாங்க. அது போதும்ல?

அந்த மேடம் மறுநாள் விடுப்பில் போனால் போதாது. பேசி முடித்த அரை மணி நேரத்துக்குள், "இன்று பேசியபடி, ஜூன் 16, செவ்வாய் மதியம் 12 மணிக்குள் தெரிவிக்கிறேன், நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி" என்று மெயில் போடுங்கள். வாட்ஸ்ஆப் செய்தி ஒன்றுமில்லாததைவிட மேல், மெயிலுக்கு ஈடாகாது, ஏனென்றால் மேலாளர் அதைப் பார்க்க மாட்டார். கன்சல்டன்சி மூலம் வந்த வேலை என்றால், கன்சல்டன்சிக்காரரிடம் சொன்னது நிறுவனத்திடம் சொன்னதாகாது. உங்கள் தேதியை அவர் "கண்டிப்பா சேர்ந்துடுவாங்க சார்" என்று மொழிபெயர்த்துச் சொல்லும் வாய்ப்பும் உண்டு. கடிதத்தை அனுப்பியவருக்கே எழுதி, கன்சல்டன்சிக்கு நகல் போடுங்கள்.

சொன்ன தேதி நாளைக்கு. இன்னும் முடிவு பண்ண முடியலை. இன்னும் ரெண்டு நாள் கேக்கலாமா?

இன்றே கேட்டால் ஒருமுறை கேட்கலாம். எது முடியவில்லை, அது எப்போது முடியும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் மட்டும் கேளுங்கள்: "நோட்டீஸைக் குறைப்பது பற்றி என் மேலாளர் புதன் காலை பதில் சொல்வதாக இருக்கிறார், புதன் மாலை 4 மணிக்குள் முடிவு தருகிறேன்." அப்படிச் சொல்ல எதுவும் இல்லை, மனம்தான் ஊசலாடுகிறது என்றால், இரண்டு நாளில் அது நின்றுவிடாது, இருப்பதை வைத்து முடிவெடுங்கள். தேதி கடந்தபின் எழுதும் மெயில், காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், மன்னிப்புக் கடிதமாகத்தான் படிக்கப்படும்.

முடிவு முன்னதாகவே கிடைத்துவிட்டால் தேதிவரை காத்திருக்க வேண்டாம். வேண்டாம் என்பது முடிவானால் அன்றே சொல்லிவிடுங்கள். அந்த இரண்டாமவரும் யாரோ ஒருவரின் வீட்டுப் பிள்ளைதான்.

நான் 16னு சொன்னேன், அவங்களும் சரின்னாங்க. 13ஆம் தேதியே வேற ஆளை எடுத்துட்டோம்னு மெயில் வந்திருக்கு. கேஸ் போட முடியுமா?

மிகக் கடினம். ஒப்பந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, ஏற்பு அவர்களுக்குத் தெரிவிக்கப்படும் வரை முன்மொழிந்தவர் அதைத் திரும்பப் பெறலாம். 16 வரை திறந்து வைக்கிறோம் என்று சொன்னது, அதற்கு ஈடாக நீங்கள் எதுவும் கொடுக்காத வெறும் வாக்கு. ஈடு இல்லாத வாக்கு, சில விதிவிலக்குகள் தவிர, 25ஆம் பிரிவுப்படி செல்லாது. நீங்களும் 16ஆம் தேதி "வேண்டாம்" என்று சொல்ல உரிமை வைத்திருந்தீர்கள் என்பதை மறக்க வேண்டாம். கசப்பாக இருந்தாலும், "மீண்டும் இடம் வந்தால் தெரிவியுங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். எடுத்த ஆள் சேராமல் போவது இந்த ஊரில் வாரந்தோறும் நடப்பது.

அப்ப அந்த இடைப்பட்ட நாள்ல இங்க பேப்பர் போட்டுடலாமா? நோட்டீஸ் சீக்கிரம் ஓட ஆரம்பிக்குமே.

கூடாது, காரணம் முந்தைய பதிலிலேயே இருக்கிறது. நீங்கள் ஏற்கும் வரை உங்கள் கையில் இருப்பது திரும்பப் பெறக்கூடிய ஒரு முன்மொழிவு, அதை நம்பி இருக்கும் வேலையை விடுவது கணக்கில் வராது. வரிசை இதுதான்: ரசீது மெயில், குறித்த தேதிக்குள் எழுத்தில் சம்மதம், சம்மதம் கிடைத்தது என்று அவர்களிடமிருந்து ஒரு பதில், அதன்பிறகு பேப்பர். முன்னே சொன்ன பெண் திங்கள் மாலை ஐந்தேகாலுக்குச் சம்மதம் அனுப்பினார், ஐந்து ஐம்பதுக்கு அங்கிருந்து பதில் வந்தது, ஆறு மணிக்கு மேல் தன் மேலாளரிடம் ராஜினாமாவைக் கொடுத்தார். அவருடைய தொண்ணூறாவது நாள் செப்டம்பர் 12, சனிக்கிழமை. ஞாயிறு ஒரு நாள் இடைவெளி விட்டு, திங்களன்று பெல்லந்தூர் பஸ் ஏறினார்.